புதுப்பிப்பு: நன்கொடையாளருக்கு எழுதிய நன்றிச் செய்தி

என் பழைய கேள்வி: “சுங்கை சிப்புட்டில் தோட்டப் பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம். கணித வகுப்பு நடத்துகிறோம். நன்கொடையாளர்களுக்கு நான் அனுப்பும் புலனச் செய்திகள் விளையாட்டாக இருக்கிறதாம். எப்படி மாற்றுவது?”

நான் அனுப்பியது: “ஹாய் அங்கிள், நீங்க வேற லெவல்! காசு ரொம்ப யூஸ் ஆச்சு. அடுத்த மாசமும் மறந்துடாதீங்க!”

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா கடைசி வரியை முதலில் வெட்டச் சொன்னார். நன்றி சொல்லும்போதே கை நீட்டக் கூடாதாம். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, மீதி யாரிடம் என்று கேட்டார். அப்புறம் எழுதியது:

“ஐயா, மார்ச் 3ஆம் தேதி நீங்கள் அனுப்பிய 300 வெள்ளி கிடைத்தது, மிக்க நன்றி. 180 வெள்ளியில் 12 மாணவர்களுக்குக் கணிதப் பயிற்சி நூல் வாங்கினோம். வேன் வாடகை 72. மீதி 48 பொருளாளரிடம் உள்ளது. வேன் வராததால் இரண்டு சனிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை, ஏப்ரலில் ஈடுகட்டுவோம். ரசீதுகளை இணைத்துள்ளேன்.”

வேன் விஷயத்தை எழுதத் தயங்கினேன். நன்கொடையாளர் பதில் போட்டதே அதற்குத்தான், வேறொரு வேன்காரரின் எண்ணோடு!

‘ரசீது இருந்தால் வரிக்கழிவு உண்டு என்று எழுது’ என்ற அண்ணனுக்கு: வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத்தான் அது. எங்களுக்கு இல்லை, எழுதவில்லை.



பிள்ளைகள் படத்தை அனுப்பலாமா என்பதில் மட்டும் குழுவில் இன்னும் சண்டை.