தங்கத்தின் மேல் படியும் கார்பனுக்கு என்ன பெயர்?

கயல்விழி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். முதுகலை மாணவர்களுக்கான ஆய்வகக் கையேட்டில் திடப்பொருள்களின் மேற்பரப்பைப் பற்றிய பகுதியைத் தமிழில் எழுதிவருகிறேன். மூன்று சொற்களில் சிக்கி நிற்கிறேன்.

ஏஎஃப்எம் கருவியை ‘அணு விசை நுண்ணோக்கி’ என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். கல்பாக்கத்தில் இருக்கும் கருவியா என்று இரண்டு பேர் கேட்டார்கள். எக்ஸ்பிஎஸ் முறைக்கு ‘எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலையியல்’ என்று வைத்திருக்கிறேன். ‘மின்னணு’ என்றாலே மாணவர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம்தான் நினைவுக்கு வருகிறது. மூன்றாவதுதான் பெரிய சிக்கல்: அட்வென்டிஷியஸ் கார்பன். காற்றுபட்ட எந்தப் பரப்பிலும் தானாக வந்து படியும் மெல்லிய கார்பன் சேர்மப் படலம் அது. ‘வந்தேறிக் கரி’ என்று எழுதினேன். பொருந்துகிறதா?

தணிகாசலம் எழுதியது:

அம்மா கயல்விழி, அணுவைக் காட்டும் கருவிக்கு ‘அணுநோக்கி’ என்ற ஒரே சொல் போதும். இரண்டாவதில் ‘எக்ஸ் கதிர்’ வேண்டாம், ‘ஊடுகதிர்’ என்று போடுங்கள். பொருளுக்குள் ஊடுருவிப் போய் உள்ளே இருப்பதைச் சொல்லும் முறை என்பதால் பெயரே பொருளை விளக்கிவிடும். ‘வந்தேறி’ வேண்டவே வேண்டாம். மனிதரை இழிவாகச் சொல்லப் புழங்கும் சொல் அது. பாடநூலில் ஏறக் கூடாது.

மல்லிகா எழுதியது:

தணிகாசலம் ஐயா, ‘வந்தேறி’ பற்றி நீங்கள் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். மற்ற இரண்டிலும் கொஞ்சம் மாறுபடுகிறேன். பதினோரு வருடமாக இந்த இரண்டு கருவிகளையும் இயக்குகிறேன்.

ஊடுகதிர் ஊடுருவும் என்பது சரி. அலுமினியத்திலிருந்து வரும் 1486.6 எலக்ட்ரான் வோல்ட் கதிர் மாதிரிக்குள் மைக்ரோமீட்டர் கணக்கில் இறங்கும். ஆனால் நாங்கள் எண்ணுவது கதிரை அல்ல, அது தட்டி வெளியேற்றும் எலக்ட்ரான்களை. ஆழத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் வழியில் மோதி ஆற்றலை இழந்துவிடும். இழக்காமல் வெளியே வருவது மேலே உள்ள சுமார் பத்து நானோமீட்டரிலிருந்துதான். வந்த எலக்ட்ரானின் வேகத்திலிருந்து, அணு அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது என்று கணக்கிடுகிறோம். எந்தத் தனிமம், அது எந்த வேதிநிலையில் இருக்கிறது என்பது அதில் தெரியும். எனவே ‘உள்ளே இருப்பதைச் சொல்லும்’ என்று எழுதினால் மாணவர் தவறாகப் பிடித்துக்கொள்வார். பெயரில் அழுத்தம் விழ வேண்டியது எலக்ட்ரான் மேல்.

ஏஎஃப்எம் எதையும் நோக்குவதும் இல்லை. மெல்லிய சிலிக்கான் நாக்கின் நுனியில் ஒரு கூர்முனை இருக்கும். அது பரப்பை வருடும்போது முனைக்கும் பரப்புக்கும் இடையிலான விசையால் நாக்கு வளையும். அதன் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் புள்ளி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து மேடுபள்ளத்தை வரைகிறோம். எது மேடு என்று சொல்லும், அந்த மேடு என்ன பொருள் என்று சொல்லாது. உயரத்தை நம்பலாம், அகலத்தை அப்படியே நம்பக் கூடாது. பத்து நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டையை, நுனி ஆரம் பத்து நானோமீட்டர் உள்ள முனையால் வருடினால் உயரம் பத்து என்றே வரும். அகலம் ஏறத்தாழ இருபத்தெட்டு என்று காட்டும். முனையின் பருமனும் படத்தில் சேர்ந்துவிடுவதுதான் காரணம். என் பரிந்துரை ‘விசைவருடி’. ஸ்கேனரை ஏற்கெனவே வருடி என்கிறோம்.

மூன்றாவது சொல்லுக்கு ஒரு அனுபவம் சொல்கிறேன். சிலிக்கான் சில்லின் மேல் நூறு நானோமீட்டர் தங்கம் படியவைத்து ஒரு மாணவி கொண்டுவந்தார். விசைவருடியில் தங்க மணிகளுக்கு நடுவே சில நானோமீட்டர் உயரத்தில் தட்டையான திட்டுகள் தெரிந்தன. அவற்றையும் தங்கம் என்றே குறித்துவைத்திருந்தார். அதே சில்லின் மறுபாதியை எக்ஸ்பிஎஸ்ஸில் வைத்தோம். தங்கமும் கொஞ்சம் கார்பனும் ஆக்சிஜனும் வரும் என்று எதிர்பார்த்தேன். Si 2p முகடும் வந்தது.

தங்கத்தில் ஓட்டை விழுந்து அடியிலிருக்கும் சிலிக்கான் தெரிகிறது என்றார் மாணவி. அப்படியானால் முகடு 99 எலக்ட்ரான் வோல்ட் அருகே வர வேண்டும். சிலிக்கான் மேலுள்ள ஆக்சைடுக்காக 103 அருகே இன்னொன்றும் வரலாம். எங்களுக்கு வந்ததோ 102-இல் ஒன்றே ஒன்று. அது சிலிகோன். எப்படி வந்தது என்று விசாரித்தபோது, சில்லை இரண்டு வாரம் ஒட்டும் சிலிகோன் ஜெல் பெட்டியில், தங்கப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்திருந்தது தெரிந்தது. ஐசோபுரொப்பனாலில் கழுவிப் பார்த்தோம். முகடு போகவில்லை. புதிதாகப் படியவைத்து, சுத்தமான கண்ணாடித் தட்டில் மூடி, விளிம்பை மட்டும் இடுக்கியால் பிடித்து அன்றே கொண்டுவந்ததில் 102 முகடு இல்லை, திட்டுகளும் இல்லை. கார்பன் மட்டும் அப்போதும் இருந்தது.

கையேடு பிரித்துக் காட்ட வேண்டியது இதைத்தான். சிலிகோன் நம் கவனக்குறைவால் வந்த மாசு. கார்பன் எவ்வளவு கவனமாக இருந்தாலும் காற்றிலிருந்து வந்துவிடும். ‘மாசு’ என்று ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கினால் மாணவர் கார்பனைத் தேய்த்துக் கழுவப் பார்ப்பார். ‘கரி’யும் சரியில்லை. அடுப்புக்கரி மாதிரி தூய கார்பன் இல்லை அது, பெரும்பாலும் ஹைட்ரோகார்பன், கொஞ்சம் ஆக்சிஜனோடு சேர்ந்தது. ‘காற்றொட்டுக் கார்பன்’ என்று சொல்லிப்பார்க்கிறேன்.

நிரோஷன் எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூல்களில் எலக்ட்ரான் ‘இலத்திரன்’, கார்பன் ‘காபன்’. ‘ஒளியிலத்திரன்’ என்று எழுதினால் கயல்விழி அக்கா சொன்ன மின்னணுக் குழப்பம் வராது.

எனக்கு ஒரு கேள்வியும் இருக்கிறது. நான் பற்றீரியாக்களோடு வேலை செய்கிறேன். மைக்காத் தட்டில் ஒட்டவைத்து, நீருக்குள்ளேயே ஏஎஃப்எம் படம் எடுத்திருக்கிறேன். அதே தட்டை ஈரத்தோடு எக்ஸ்பிஎஸ்ஸில் வைக்கலாமா? கலத்தின் உள்ளே இருக்கும் பொசுபரசைப் பார்க்க வேண்டும்.

மல்லிகா எழுதியது:

தம்பி, வழக்கமான கருவியில் முடியாது. அறையின் அழுத்தம் ஒரு மில்லிபாரில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் இருக்கும். நீர் ஆவியாகி வெற்றிடத்தையே கெடுத்துவிடும். உறைய வைத்து உலர்த்திக் கொண்டுவரலாம், அல்லது குளிரூட்டிய மேடை உள்ள கருவி தேட வேண்டும். உலர்த்தினாலும் தெரிவது கலத்தின் மேல்தோல் மட்டும். உள்ளே இருக்கும் பொசுபரசுக்கு இது வழியில்லை. மைக்காவில் சிலிக்கானும் பொட்டாசியமும் இருப்பதால் இடைவெளிகளில் அவையும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

‘ஒளியிலத்திரன்’ எனக்குப் பிடித்திருக்கிறது.

தணிகாசலம் எழுதியது:

பத்து நானோமீட்டர் என்பது எனக்குப் புதிய செய்தி, மல்லிகா. திருத்திக்கொள்கிறேன். ‘ஊடுகதிர்’ என்ற சொல்லை மட்டும் விடமாட்டேன், கதிருக்கு அது நல்ல பெயர்தான். ‘அணுநோக்கி’யைத் திரும்பப் பெறுகிறேன். ‘காற்றொட்டு’ நாவில் உருளவில்லை. ‘வளிப்படிவு’ என்றால்? வளியிலிருந்து படிந்தது.

கயல்விழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ‘விசைவருடி’, ‘ஊடுகதிர் ஒளியிலத்திரன் நிறமாலையியல்’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் ‘இலத்திரன்’ என்பது எலக்ட்ரானே என்று ஒரு வரி சேர்ப்பேன்.

‘வளிப்படிவு’ அழகாக இருக்கிறது. ஆனால் ஆவியிலிருந்து படலம் படியவைக்கும் முறைக்கு இதே கையேட்டில் ‘ஆவிப்படிவு’ என்று வைத்திருக்கிறேன், இரண்டும் குழம்பும்.

இன்னொன்று, மல்லிகா அக்கா. அந்தக் கார்பனின் C 1s முகட்டை 284.8-இல் வைத்து அளவுகோலைச் சரிசெய்யலாம் என்று எழுதியிருக்கிறேன். அடியில் உள்ள பொருளைப் பொறுத்து அது இடம் மாறும் என்கிறார்களே?

மல்லிகா எழுதியது:

மாறும். சுவீடனில் கிரெசின்ஸ்கியும் ஹல்ட்மனும் பல பரப்புகளில் அளந்து, இரண்டு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் நகர்வதைக் காட்டியிருக்கிறார்கள். தங்கப் படலத்தில் தங்கத்தின் 84.0 முகட்டையே அளவுகோலாக வைத்தோம், அதனால் தப்பித்தோம். மின்கடத்தாப் பொருளில் அந்த வசதி இல்லை. பலர் இன்னும் 284.8-ஐத்தான் வைக்கிறார்கள், நானும் வைக்கிறேன். எந்த எண்ணில் வைத்தீர்கள் என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். சொல்லுக்கு இந்த வாரம் இன்னும் யோசிக்கிறேன்.