சிலிக்கான் வேலி வங்கியின் 1,510 கோடி டாலர்: கணக்கு மறைத்ததா, நாம் படிக்கவில்லையா?

சிஏ_இன்டர்_மாணவி
அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச் 10 அன்று மூடப்பட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஆடிட்டர் குறையில்லாத அறிக்கை கொடுத்திருந்தார். கடன்பத்திரங்களைச் சந்தை மதிப்பில் காட்டாமல் வாங்கிய விலையிலேயே காட்டியதுதான் வினையா? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஆம் என்கிறார்கள், பாதிப் பேர் இல்லை என்கிறார்கள்.

கடன்பத்திரக்காரி
நான் ஆம் கட்சி. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும்.

பத்து வருட அரசுப் பத்திரம் ஒன்றை 2021இல் 100 டாலருக்கு வாங்குகிறீர்கள், வட்டி 1.5 சதவீதம். இரண்டு வருடம் கழித்துச் சந்தையில் 4 சதவீதம் கிடைக்கிறது. உங்கள் பத்திரத்தை யார் 100 கொடுத்து வாங்குவார்? மீதி எட்டு வருட வட்டியின் இன்றைய மதிப்பு சுமார் 10 டாலர். கடைசியில் வரும் 100இன் இன்றைய மதிப்பு 73. ஆக 83. பேரேட்டில் மட்டும் 100 அசையாமல் நிற்கும்.

இதையே அந்த வங்கியில் பாருங்கள். ‘முதிர்வு வரை வைத்திருப்போம்’ என்று ஒதுக்கிய பத்திரங்கள் 2022 இறுதியில் பேரேட்டில் 9,130 கோடி டாலர். சந்தையில் 7,620 கோடி. இங்கேயும் கிட்டத்தட்ட 83 சதவீதம்தான். வித்தியாசம் 1,510 கோடி. வங்கியின் சொந்த மூலதனம் மொத்தமே சுமார் 1,600 கோடி. பிறகு மிச்சம் என்ன இருக்கிறது?

பழைய_பேரேடு
கணக்கில் தப்பில்லை அம்மா. ‘மறைத்தது’ என்று முடிவு கட்டுவதுதான் தப்பு. அந்த 7,620 கோடி எங்கோ ஐம்பதாம் பக்கக் குறிப்பில் ஒளிந்திருக்கவில்லை. இருப்புநிலைக் குறிப்பின் முகத்திலேயே, அதே வரியில் அடைப்புக்குறிக்குள் அச்சாகியிருந்தது. கழித்துப் பார்க்க ஐந்தாம் வகுப்புப் போதும்.

இன்னொன்றையும் யாரும் கவனிப்பதில்லை. பீதியைக் கிளப்பியது எந்தப் பத்திரங்கள்? மார்ச் 8 அன்று வங்கி சுமார் 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்று, வரி போக 180 கோடி நட்டம் என்று அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டெபாசிட் வெளியே போனது. விற்றவை எல்லாம் ‘விற்பனைக்கு உள்ளவை’ என்ற வகை. அவை ஏற்கெனவே சந்தை மதிப்பில்தான் பேரேட்டில் இருந்தன! நீங்கள் கேட்கிற முறைப்படியே காட்டியும், எல்லாரும் பணத்தை எடுக்க ஓடும் ஓட்டம் வந்ததே.

நூல்மில்_கணேசன்
எங்கள் கதையும் இதேதான். மில் இருக்கும் நிலத்தை அப்பா 1974இல் வாங்கினார், பேரேட்டில் 3 லட்சம். லோனுக்குப் போனபோது ஒரு மதிப்பீட்டாளர் 11 கோடி என்றார், அடுத்தவர் 16 கோடி என்றார். ஆடிட்டர் வருடா வருடம் 3 லட்சத்தையே எழுதுகிறார். 16 என்று போடச் சொன்னால் அந்த லாபத்தைப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டாகப் பிரித்துவிடலாமே, ஏன் பயப்படுகிறார்?

பழைய_பேரேடு
கணேசன் சார், நிலமும் கடன்பத்திரமும் ஒன்றல்ல. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மறுமதிப்பீடு செய்ய கணக்கியல் தரநிலை அனுமதிக்கிறது. ஆனால் இந்த ஒரு மனையை மட்டும் ஏற்ற முடியாது, கம்பெனியின் நிலம் முழுவதையும் ஏற்ற வேண்டும், அப்புறம் அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். ஏறிய தொகை லாபத்தில் சேராது, தனி ஒதுக்கில் உட்காரும். அதிலிருந்து டிவிடெண்ட் கொடுக்க கம்பெனிச் சட்டம் 123வது பிரிவு விடாது.

என் வாதத்துக்கு நீங்களே சாட்சி. ஒரே மனை, இரண்டு மதிப்பீட்டாளர், 5 கோடி வித்தியாசம். எதை நம்பிப் பங்கு வாங்குவது? 3 லட்சத்துக்காவது கிரயப் பத்திரம் இருக்கிறது.

அமெரிக்க எரிசக்திக் கம்பெனி என்ரானையும் சொல்ல வேண்டும். 2000இல் வீடியோ வாடகைக் கம்பெனி பிளாக்பஸ்டரோடு வீட்டுக்கு வீடு படம் அனுப்பும் 20 வருட ஒப்பந்தம் போட்டார்கள். தொழில் தொடங்கி ஒழுங்காக ஓடுவதற்கு முன்பே, இனி வரப்போகும் வருமானத்தை ‘மதிப்பிட்டு’ 11 கோடி டாலருக்கு மேல் லாபம் எழுதினார்கள். 2001இல் ஒப்பந்தமே முறிந்தது. நியாய மதிப்பு என்ற பெயரில் வந்ததுதான் அதுவும்.

கடன்பத்திரக்காரி
ஐயா, என்ரானில் சந்தையே இல்லை, எக்செல் தாள் மட்டும்தான். கணேசன் சார் நிலத்துக்கும் விலைப்பலகை கிடையாது. அங்கெல்லாம் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். இந்த வங்கி வைத்திருந்ததில் பெரும்பகுதி அரசு ஆதரவுள்ள அடமானப் பத்திரங்கள். அவற்றின் விலை தினமும் திரையில் ஓடுகிறது. இரண்டு டீலரைக் கேட்டால் பைசா கணக்கில்தான் வித்தியாசம் வரும்.

பாடத்தில் ‘பயனுள்ள எண் வேண்டுமா, நம்பகமான எண் வேண்டுமா’ என்று தராசில் வைப்பார்கள். இங்கே அந்தத் தராசுக்கே வேலையில்லை. 7,620தான் பயனுள்ளது, சரிபார்க்க எளிதானதும் அதுதான். 9,130 எதன் மேல் நிற்கிறது? ‘முதிர்வு வரை விற்க மாட்டோம்’ என்ற நிர்வாகத்தின் வாக்குமூலத்தின் மேல். மனதில் இருப்பதை எந்த ஆடிட்டர் தணிக்கை செய்வார்? விற்காமல் தாக்குப்பிடிக்கும் திராணி இருக்கிறதா என்றும் விதி கேட்கச் சொல்கிறது. அந்தக் கேள்வியில்தான் கோட்டை விட்டார்கள்.

சிஏ_இன்டர்_மாணவி
அக்கா, அதிலிருந்து கொஞ்சம் மட்டும் விற்றுச் சமாளித்திருக்கலாமே?

கடன்பத்திரக்காரி
அதில்தான் பொறி இருக்கிறது தம்பி. கொஞ்சம் விற்றாலும் ‘வைத்திருப்போம்’ என்ற பேச்சு பொய்யாகிவிடும், மொத்தக் குவியலையும் சந்தை மதிப்புக்கு மாற்ற வேண்டி வரும். 1,510 கோடி ஒரே நாளில் மூலதனத்தில் விழும். அதனால்தான் ‘விற்பனைக்கு உள்ளவை’ என்ற மற்ற குவியலை விற்றார்கள்.

சிஏ_இன்டர்_மாணவி
தம்பி இல்லை அக்கா, தங்கை. பெயரைப் பாருங்கள் :)

கடன்பத்திரக்காரி
அடடா, மன்னிக்கணும் தங்கச்சி.

பழைய_பேரேடு
சொத்தை மட்டும் மறுபடி விலை போட்டால் பாதிப் படம்தான் கிடைக்கும். எதிர்ப்பக்கத்தில் 17,300 கோடி டாலர் டெபாசிட் இருந்தது. அதில் பெரும்பகுதிக்கு வட்டி இல்லை அல்லது சொற்பம். சந்தையில் வட்டி 4 சதவீதமாக ஏறும்போது, சும்மா கிடைத்த பணத்துக்கு மதிப்பு கூடுகிறது. ஆனால் கேட்டவுடன் கொடுக்க வேண்டிய டெபாசிட்டை அதன் முகத்தொகைக்குக் கீழே மதிப்பிடக் கூடாது என்பது விதி. ஒரு பக்க நட்டத்தை எழுது, மறு பக்க ஆதாயத்தை எழுதாதே என்றால் அது என்ன ‘நியாயம்’?

கடன்பத்திரக்காரி
இது நல்ல அடி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் டெபாசிட் தங்கினால்தான் அந்த ஆதாயம். இவர்களுடையதில் 90 சதவீதத்துக்கும் மேல் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தது. போட்டவர்களும் ஒருவரையொருவர் தெரிந்த ஸ்டார்ட்அப்காரர்கள். மார்ச் 10 அன்று எடுக்கக் காத்திருந்த தொகை மட்டும் சுமார் 10,000 கோடி டாலர்.

நூல்மில்_கணேசன்
அப்போ சந்தை மதிப்பில் போட்டிருந்தால் அரசாங்கம் முன்னாலேயே கதவைச் சாத்தியிருக்கும், சரிதானே?

பழைய_பேரேடு
பாதிதான் சரி. சந்தை மதிப்பில் இருந்த மற்ற குவியலில் 250 கோடி நட்டம் ஏற்கெனவே பேரேட்டில் தெரிந்தது. ஆனால் வங்கியை மேற்பார்வை செய்யும் அரசு அமைப்புகள் பார்க்கிற மூலதனத்தைக் கணக்கிடும்போது அதைச் சேர்க்காமல் விட வங்கிக்கு விருப்பத் தேர்வு இருந்தது, விட்டுவிட்டார்கள். பேரேட்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருந்தால் கதவு திறந்தேதான் இருந்திருக்கும்.

அப்படியே சாத்தினார்கள் என்று வைத்தாலும், ஓட்டம் மார்ச்சுக்குப் பதில் முந்தைய அக்டோபரில் வந்திருக்கும். 2022 செப்டம்பர் இறுதிக் கணக்கிலேயே வித்தியாசம் 1,590 கோடி.

கடன்பத்திரக்காரி
ஆமாம், வந்திருக்கும். அப்போதும் அந்த எண் காலாண்டு அறிக்கையில் இருந்தது, யாரும் அசையவில்லை. அடைப்புக்குறிக்குள் இருந்ததால் அசையவில்லை என்று நான் சொல்கிறேன். படிக்கவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

பழைய_பேரேடு
படித்த சிலர் அந்த வங்கிப் பங்கை முன்னாலேயே விற்றுவிட்டார்கள் அம்மா. அவர்களுக்கு அடைப்புக்குறி தடையாக இல்லையே.