புதுப்பிப்பு: பேட்டரி வேகமா இறங்குது, ஆப்பா பேட்டரியா?

முன்பு கேட்டது: "காலையில 100, மத்தியானம் 30. ஆப் கோளாறா, பேட்டரிக்கு வயசாயிடுச்சா?"

திருவாரூர் அண்ணன் சொன்னபடி ராத்திரி 10 மணிக்கு 80ல ஏரோபிளேன் மோட் போட்டதுல, காலை 6க்கு 78. மறுநாள் சாதாரணமா வச்சா 57.

"அப்ப ஆப்தான்"னு மன்னார்குடி தம்பி முடிச்சுட்டார். அண்ணன் ஒத்துக்கலை: அந்த மோட் டவர் தேடுறதையும் சேர்த்தே நிறுத்திடும், நாமளா இறக்குன ஆப் எதுவும் ஓடாத சேஃப் மோட்ல சிக்னலோட விட்டுப் பாருங்கன்னார். அதுல 75. ஆக, நாமளா இறக்குன ஆப் ஏதோ ஒண்ணு. பேட்டரி பட்டியல்ல மேலே நின்னது வானிலை ஆப்; லொகேஷன் அனுமதி 'எப்போதும்'னு இருந்துச்சு. மழைக்காலத்துல எல்லார் போன்லயும் இருக்குமே, அதான்! அனுமதியைப் 'பயன்படுத்தும்போது மட்டும்'னு மாத்தினதும் ராத்திரி 6தான் குறையுது.

கும்பகோணம் அக்காவோட கேஸ் வேற. 35ல கேமரா திறந்தாலே அணைஞ்சுடுது, சார்ஜர் செருகினா திரும்ப 28 காட்டுது. பாரம் ஏறினதும் வோல்டேஜ் சரியுதுன்னா பேட்டரிதான் கிழடு. ஆப் நீக்கிப் பலனில்லை. என் போன்லயோ 25ல அஞ்சு நிமிஷம் வீடியோ எடுத்தும் 22ல நின்னுச்சு.

வயக்காட்டுப் பக்கம் போனா மட்டும் இன்னும் சரசரன்னு இறங்குது. ஒத்தைக் கோடு சிக்னல்னு சந்தேகம். இன்னும் பிரிச்சுப் பார்க்கலை.