ஜாபிரின் திராவகமும் காணாமல்போன வெடியுப்பும்

கலீல்78: நைட்ரிக் அமிலத்தை 8ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்தவர் அரபு ரசவாதி ஜாபிர் இப்னு ஹய்யான். லத்தீன்காரர்கள் அவரை ‘கெபர்’ என்று மாற்றிச் சொந்தம் கொண்டாடினார்கள். பாடப்புத்தகம் எழுதுபவர்களுக்கு வெட்கமே இல்லை.

வாலைக்காரன்: ஒரே கேள்வி. வெடியுப்பு எங்கே? அது இல்லாமல் அந்தக் காலத்தில் நைட்ரிக் அமிலம் வராது. அந்தத் திராவகத்துக்கான பிரபலமான செய்முறையில் அன்னபேதி போன்ற துத்தம் ஒரு பங்கு, வெடியுப்பு அரைப் பங்கு, படிகாரம் கால் பங்கு. மூன்றையும் வாலை என்ற வடிகலத்தில் போட்டுச் சூடாக்கினால் செம்புகை எழும்பி, குளிர்ந்து இறங்கும். நவச்சாரமும் சேர்த்தால் பொன்னையும் கரைக்கும். இது கெபர் பெயரில் வந்த லத்தீன் நூலில் இருக்கிறது. காலம் 1300ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. இதற்கு அரபு மூலம் கிடைத்ததில்லை. ஜாபிர் பெயரில் உள்ள அரபு நூல்களே 9, 10ஆம் நூற்றாண்டுகளில் பலர் சேர்ந்து எழுதியவை என்று ஆய்வாளர் பால் கிராவுஸ் 1940களிலேயே வாதிட்டுவிட்டார்.

கலீல்78: வந்துவிட்டார் பேராசிரியர். அரபு மூலம் கிடைக்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா? பாக்தாத் எரிந்தபோது என்னவெல்லாம் போயிற்றோ.

வாலைக்காரன்: எரிந்த நூலில் எது வேண்டுமானாலும் இருந்திருக்கலாம், எங்கள் தாத்தாவின் விமானம் உட்பட. எரியாத நூலைப் பார்ப்போமே. பாரசீகத்தின் ரே நகரில் பிறந்த ரசவாதி அர்-ராஸி, 925 வாக்கில் இறந்தவர். அவரது ‘இரகசியங்களின் நூல்’ இருக்கிறது, 1937இல் ரூஸ்கா என்ற அறிஞர் ஜெர்மனில் பெயர்த்திருக்கிறார். ராஸி கனிமங்களை நெருப்பில் வைத்துப் பார்த்துத்தான் பிரிக்கிறார். பாதரசம், நவச்சாரம், கந்தகம், ஆர்சனிக் வகைகளான அரிதாரமும் மனோசிலையும் ‘ஆவிகள்’: சூடு பட்டால் ஓடிப்போகும். பொன், வெள்ளி முதலிய ஏழு உலோகங்களும் ‘உடல்கள்’: உருகும், ஓடாது. உப்புகள் தனி வகை, 11 சொல்கிறார். அதில் வெடியுப்பு என்று அடித்துச் சொல்லக்கூடியது ஒன்றும் இல்லை.

கொடுமுடி_செல்வம்: அந்தப் பதினொன்றில் மூத்திர உப்பு என்று ஒன்று உண்டே! மாட்டுத் தொழுவச் சுவரில் பூக்கிற வெள்ளை உப்புதான் வெடியுப்பு. கணக்கு சரியாக வருகிறது.

வாலைக்காரன்: பாதிக் கணக்கு. சுவரில் பூப்பது மண்ணில் பல மாதம் கிடந்து மாறியது. ராஸி காலத்து ரசவாதிகள் மூத்திரத்தைக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். காய்ச்சினால் வெடியுப்பு வராது.

கொடுமுடி_செல்வம்: காய்ச்சிப் பார்த்திருக்கிறீர்களா?

வாலைக்காரன்: இல்லை. நீங்கள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்தால்.

தெற்குத்தெரு: தலைப்பு புரியவில்லை, ஆனால் நவச்சாரம் என்றதும் வந்தேன். எங்கள் தெருவில் பித்தளைக்கு ஈயம் பூசுபவர் பாத்திரத்தைக் காய்ச்சி நவச்சாரப் பொடி போடுவார். குப்பென்று வெள்ளைப் புகை. அப்புறம் பஞ்சால் ஒரு இழுப்பு, ஈயம் பளபளவென்று பரவும். பொடி போடாமல் இழுத்தால் உருண்டு உருண்டு நிற்கும். இப்போது கடையில் கிடைப்பது கலப்படமா?

வாலைக்காரன்: நீங்கள் கேட்டது வேறு, ஆனால் ராஸி கண்டதும் இதுதான். சூட்டில் நவச்சாரம் பிரியும்போது எழும் அமில வாயு பித்தளை மேல் படிந்த கசட்டைத் தின்றுவிடுகிறது. ‘ஆவி உடலுக்குள் நுழைகிறது’ என்று அவர்கள் பேசியது சும்மா இல்லை. முடியை வடித்துக்கூட நவச்சாரம் எடுத்தார்கள். மண் பூசி அடைத்த உதால் என்ற கலத்தில் அதைப் பதங்கமாக்கினால் வெள்ளையாக மேல்மூடியில் ஒட்டும். அவர்களுக்கு வேண்டியது மூடியில் ஒட்டியது. துத்தமும் உப்பும் சேர்ந்து வெந்தபோது அமில வாயு கிளம்பியிருக்கும், ஆனால் அதைத் தனியாகத் தண்ணீரில் பிடித்துப் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை.

கலீல்78: ஆக, அமிலம் வந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வாலைக்காரன்: அது உப்பிலிருந்து வருவது. நைட்ரிக் இல்லை. வெடியுப்பு எங்கே?

கலீல்78: ‘கூர்மையான நீர்கள்’ என்று ராஸி எழுதியிருக்கிறாரே, அது என்ன, ரோஜா நீரா?

வாலைக்காரன்: அரிக்கும் நீர்கள். காரமும் நவச்சாரமும் கலந்தவையும் அதில் உண்டு. வெடியுப்பு எங்கே?

கலீல்78: வெடிமருந்து விவாதத்திலும் இப்படித்தான் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள். ஹசன் அர்-ரம்மாஹ் வெடியுப்பைச் சுத்தம் செய்யும் முறையை எழுதியது மறந்துபோயிற்றா?

வாலைக்காரன்: 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. உங்கள் ஜாபிர் 8ஆம் நூற்றாண்டு. நடுவில் 500 வருடம்.

தெற்குத்தெரு: நவச்சாரம் கலப்படமா இல்லையா, யாராவது சொல்லுங்களேன்.

கொடுமுடி_செல்வம்: இரும்புக் கரண்டியில் கொஞ்சம் சூடாக்குங்கள். முழுக்கப் புகையாகப் போனால் நல்லது, அடியில் மிச்சம் நின்றால் வேறேதோ கலந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெடி தாங்காது.

கலீல்78: பார்த்தீர்களா, ஓடுகிறதா நிற்கிறதா என்ற ராஸியின் சோதனை இன்றைக்கும் கரண்டியில் நடக்கிறது. ஒப்புக்கொள்ள மட்டும் சிலருக்கு வாய் வராது.

வாலைக்காரன்: ராஸியை நான் எங்கே மறுத்தேன்? உங்கள் பதிவில் இருந்தது ஜாபிர். வெடியுப்பு எங்கே?