மைனர் பிள்ளைக்கு அடிபட்டால் வழக்குப் போட எதுவரை நேரம்? – அனுபவப் பகிர்வு

சித்ரா:
அக்கா மகளுக்காகக் கேட்கிறேன். 03.02.2017 அன்று ஸ்கூல் இரும்பு கேட் சரிந்து கணுக்காலில் விழுந்தது. அப்போது அவளுக்கு 9 வயது. ஆபரேஷன் ஆனது, இன்னும் லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறாள். பிறந்த தேதி 14.08.2007. "எட்டு வருஷம் ஓடிப்போச்சு, இனி ஒன்றும் பண்ண முடியாது" என்று ஸ்கூல் தரப்பில் சொல்லிவிட்டார்கள். நிஜமா? இதுபோன்ற கேஸ்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முத்துவேல்:
பொய். மைனருக்கு 18 முடிந்து 3 வருஷம் டைம் உண்டு, எல்லாக் கேஸுக்கும். 2028 ஆகஸ்ட் வரை நிம்மதியா இருங்க.

நிலா (வக்கீல்):
முத்துவேல் சார் சொன்ன தேதி உங்களுக்குப் பொருந்தும், ஆனால் "எல்லாக் கேஸுக்கும்" என்பது தப்பு. அந்த ஒரு வார்த்தையை நம்பியே நிறையக் கேஸ்கள் வெளியே போகின்றன.

1963 கால வரம்புச் சட்டத்தின் 6-வது பிரிவு 3 வருஷத்தைத் தானமாகக் கொடுப்பதில்லை. வழக்குப் போடும் உரிமை வந்த நாளில் ஒருவர் மைனராக இருந்தால், அந்த வகை வழக்குக்குச் சட்டத்தில் எவ்வளவு காலம் உண்டோ, அதே காலத்தை அவர் மேஜரான நாளிலிருந்து எண்ணிக்கொள்ளலாம் என்கிறது. 8-வது பிரிவு அதற்கு ஒரு மூடி போடுகிறது. மேஜரான நாளிலிருந்து 3 வருஷத்துக்கு மேல் இந்தச் சலுகை நீளாது.

ஆக, கவனக்குறைவால் ஏற்பட்ட உடல் காயத்துக்கு நஷ்டஈடு கேட்டால் அதே சட்டத்தின் அட்டவணையில் உள்ள 113-வது ஆர்ட்டிகிளின்படி 3 வருஷம். மேஜரான பிறகும் 3 வருஷம். அவதூறு, சட்டவிரோதமாக அடைத்து வைத்தல் போன்றவற்றுக்கு ஒரு வருஷம்தான், அதனால் 18 ஆன பிறகும் ஒரே வருஷம். 19-வது பிறந்த நாளோடு கதவு மூடிவிடும்.

சித்ரா, ஸ்கூல் தனியாரா, அரசா?

சித்ரா:
அரசு உதவி பெறும் ஸ்கூல். மேனேஜ்மென்ட் தனியார்.

நிலா (வக்கீல்):
அப்படியென்றால் ஒரு எச்சரிக்கை. ஒரு சட்டத்தின் கீழ் செய்த அல்லது செய்யத் தவறிய காரியத்துக்கு நஷ்டஈடு கேட்கும் வழக்குக்கு 72-வது ஆர்ட்டிகிளில் ஒரு வருஷம்தான். கேட்டைப் பராமரிக்காமல் விட்டது அந்த வகையில் வராது என்றுதான் நான் வாதாடுவேன். ஆனால் கல்வித்துறை அதிகாரியையும் பிரதிவாதியாகச் சேர்த்தால் அவர்கள் இந்த ஆர்ட்டிகிளை எடுத்துக்கொண்டு வருவார்கள். அதனால் 2028-ஐ மனதில் வைக்காதீர்கள். 18 ஆனது 14.08.2025. 2026 ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் தாக்கல் செய்துவிட்டால் அந்தச் சண்டையே எழாது. அரசு தரப்பைச் சேர்ப்பதென்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ன்படி 2 மாத நோட்டீஸ் முதலில் போக வேண்டும். அந்த நோட்டீஸ் காலம் காலக்கணக்கில் கழித்துத் தரப்படும் என்றாலும், அதை நம்பிக் கடைசி வாரம்வரை இழுக்கக் கூடாது.

ராஜகோபால்:
எனக்கும் இதே பிரச்சினை. எனக்கு 12 வயதிருக்கும்போது, பாட்டி என் பெயரில் எழுதிவைத்த நிலத்தை அப்பா கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றுவிட்டார். இப்போது எனக்கு 34. மைனர் சலுகை உண்டுதானே?

நிலா (வக்கீல்):
ஐயா, அது வேறு கணக்கு. கார்டியன் செய்த விற்பனையை ரத்து செய்யக் கேட்க 60-வது ஆர்ட்டிகிள், மேஜரானதிலிருந்து 3 வருஷம். 21-லேயே போய்விட்டது. பத்திரத்தை ஒரு சிவில் வக்கீலிடம் காட்டுங்கள், ஆனால் பெரிய நம்பிக்கையோடு போகாதீர்கள்.

குமாஸ்தா பழனி:
தேதிக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. இந்திய மேஜாரிட்டி சட்டப்படி 18-வது பிறந்த நாள் தொடங்கும்போதே மேஜர். அந்த நாள் முடியும்வரை காத்திருப்பதில்லை. 3 வருஷத்தை எண்ணும்போது தொடக்க நாளை விட்டு எண்ணலாம் என்று கால வரம்புச் சட்டத்தின் 12-வது பிரிவை வைத்து வாதம் செய்யலாம், அப்படிப் பார்த்தால் 14.08.2028 கடைசி. ஆனால் ஆபீஸில் நாங்கள் டைரியில் எழுதுவது 13.08.2028. ஒரு நாளுக்காக ஹைகோர்ட் வரை போவது யாருக்கு வேண்டும்? கடைசி நாள் கோர்ட் விடுமுறையாக இருந்தால் திறக்கும் நாளில் போடலாம், அதற்கு 4-வது பிரிவு இருக்கிறது.

இன்னொன்று, நான் அதிகமாகப் பார்க்கும் கோளாறு இதுதான். பிராதில் காலவரம்புச் சலுகை எதனால் கிடைக்கிறது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 7 ரூல் 6 அப்படிச் சொல்கிறது. "வாதி சம்பவத்தின்போது மைனர், இன்ன தேதியில் மேஜரானார், 6-வது பிரிவின்படி வழக்கு காலத்துக்குள் உள்ளது" என்று ஒரு பாரா போதும். அதோடு பிறப்புச் சான்றிதழையும் சேர்க்கணும். இது இல்லாமல் 2017 சம்பவத்துக்கு 2026-ல் பிராது போனால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது காலாவதியான தாவா. எதிர்த்தரப்பு பிராதை நிராகரிக்கச் சொல்லி ஆர்டர் 7 ரூல் 11 மனு போடும், அதற்குப் பதில் சொல்லவே ஒரு வருஷம் போகும். எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும் கால வரம்புச் சட்டம் 3-வது பிரிவின்படி கோர்ட்டே தள்ளுபடி செய்ய வேண்டும்.

முத்துவேல்:
லேட்டானால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி டிலே கண்டோன் மனு போடலாமே?

குமாஸ்தா பழனி:
தாவாவுக்குக் கிடையாது. 5-வது பிரிவு அப்பீலுக்கும் மனுக்களுக்கும்தான். ஒரு நாள் தாமதமானாலும் தாவா போச்சு.

சித்ரா:
ஆபரேஷனுக்கும் பிசியோவுக்கும் அவளுடைய அப்பாதான் கடன் வாங்கிச் செலவு செய்தார். அதையும் சேர்த்துக் கேட்கலாமா?

நிலா (வக்கீல்):
இங்கேதான் கொஞ்சம் வலிக்கும். மைனர் சலுகை மைனருக்கு மட்டும். அப்பா தன் பெயரில், தன் செலவுக்காகக் கேட்பது அவருடைய சொந்த உரிமை, அவர் அன்றைக்கே மேஜர். சம்பவ நாளிலிருந்து 3 வருஷம் என்றால் 2020 பிப்ரவரி தொடக்கத்தோடு முடிந்தது. கொரோனா காலத்தை உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்தது 15.03.2020-லிருந்துதான், சில வாரத்தில் தவறிவிட்டது.

மகள் தன் வழக்கில் அந்தச் செலவையும் தனக்கு நேர்ந்த நஷ்டமாகக் கேட்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் கேட்டுப் பார்ப்பேன், கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். வலி, வேதனை, நிரந்தர ஊனம், இனிமேல் ஆகும் சிகிச்சை, வருமான இழப்பு, இவை எல்லாம் அவளுடையவை. அதில் சந்தேகமில்லை.

குமாஸ்தா பழனி:
அந்தச் செலவு பில்லை மகள் கேஸிலேயே போட்டு, அப்பாவைச் சாட்சியாக ஏற்றினால் போதும் என்று எங்கள் சீனியர் சொல்வார்.

நிலா (வக்கீல்):
சீனியருக்கு நல்ல நீதிபதி கிடைத்திருப்பார். நான் இதில் உடன்படவில்லை, விட்டுவிடுவோம்.

ஆயிஷா:
தம்பிக்கு 15 வயது. போன வருஷம் பைக் மோதி கை உடைந்தது. அவனும் 21 வரை காத்திருக்கலாமா? படிப்பு முடியட்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

நிலா (வக்கீல்):
காத்திருக்கவே கூடாது. இதுவரை பேசியது சிவில் கோர்ட் தாவா. விபத்து டிரிப்யூனலுக்குத் தனிக் கடிகாரம். மோட்டார் வாகனச் சட்டம் 166(3)-ன்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு. இது 2019 திருத்தத்தில் வந்து 01.04.2022 முதல் அமலில் இருக்கிறது. மைனர் என்று அதில் விதிவிலக்கு எழுதவில்லை. அந்த உட்பிரிவு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது, ஆகவே 6 மாதம் தாண்டிவிட்டது என்று கைகழுவ வேண்டாம், இன்றே ஒரு வக்கீலைப் பாருங்கள். போலீஸ் டிரிப்யூனலுக்கு அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. அந்த அறிக்கை போனதா என்று ஸ்டேஷனில் கேளுங்கள்.

ஆஸ்பத்திரித் தவறுக்கு நுகர்வோர் ஆணையம் போனாலும் 2 வருஷம். மைனருக்காகப் பெற்றோரே புகார்தாரராகலாம் என்று 2019 சட்டத்தில் இருக்கும்போது, "பிள்ளை வளரட்டும்" என்று காத்திருந்ததை ஆணையம் ஏன் ஏற்க வேண்டும்? தாமதத்தை மன்னிக்க அங்கே வழி உண்டு, ஆனால் அது அவர்கள் கையில்.

ஆயிஷா:
சரிங்க மேடம். தம்பி சார்பில் அம்மா போடலாமா, அவனே போடணுமா?

குமாஸ்தா பழனி:
அம்மா நெக்ஸ்ட் ஃப்ரெண்டாகப் போடலாம். அவன் 18 ஆனதும் தொடர்வதா விடுவதா என்று தானே சொல்லிவிட்டு, வழக்கின் தலைப்பைத் தன் பெயரில் மாற்றிக்கொள்ள வேண்டும். இடையில் இன்சூரன்ஸ் கம்பெனி ராஜி பேசினால் கோர்ட் அனுமதி இல்லாமல் அம்மா கையெழுத்துப் போடக் கூடாது.

நிலா (வக்கீல்):
சித்ரா, தேதியைவிட எனக்குக் கவலை உங்கள் பேப்பர்கள்தான். காலவரம்பு மைனருக்காகக் காத்திருக்கும், ஆஸ்பத்திரி காத்திருக்காது. 2002 மருத்துவ கவுன்சில் விதிகளில் டாக்டர் நோயாளி ரெக்கார்டை வைத்திருக்க வேண்டியது சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் மட்டும். 2017 கேஸ் ஷீட் இப்போது இருந்தால் அதிர்ஷ்டம். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு, ஆகவே கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். இல்லை என்று சொன்னாலும் அதை எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டில் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடான ஏ.ஆர். காப்பி எதாவது இருக்கிறதா? போலீஸில் புகார் ஆனதா? கேட் அன்றைக்கு எப்படி இருந்தது என்று சொல்ல அதே வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பெற்றோர் ஒருவர் கிடைத்தால் இப்போதே பேசிவையுங்கள். காலை இன்றைய நிலையில் எலும்பு டாக்டரிடம் காட்டி, ஊனச் சதவீதத்தோடு சான்றிதழ் வாங்குங்கள்.

சித்ரா:
டிஸ்சார்ஜ் சம்மரியும் இரண்டு எக்ஸ்ரேயும் இருக்கு. போலீஸ் புகார் கொடுக்கவில்லை, பீஸ் குறைப்பதாக ஸ்கூலில் சொன்னதால். குறைத்த ரசீதுகள் அக்காவிடம் இருக்கலாம்.

நிலா (வக்கீல்):
அந்த ரசீதுகளை எடுத்து வையுங்கள். விபத்துக்குப் பிறகு திடீரென்று ஒரு பிள்ளைக்கு மட்டும் பீஸ் குறைந்தது ஏன் என்று நிர்வாகம் சாட்சிக்கூண்டில் பதில் சொல்லட்டும்.

குமாஸ்தா பழனி:
ரசீது தெர்மல் பேப்பர் என்றால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்க, எழுத்து மங்கிடும்.