ஈரத்தில் புருவம் வரை வெட்டினேன், காய்ந்ததும் பாதி நெற்றியில் நிற்கிறது

கேள்வி (கயல்):
மகளுக்கு ஸ்பிரிங் மாதிரி இறுக்கமான சுருட்டை முடி. தலைக்குக் குளிப்பாட்டி, சீப்பால் இழுத்துப் பிடித்து, முன்முடியை 7 செ.மீ. விட்டு வெட்டினேன், புருவத்தைத் தொட்டது. காய்ந்ததும் 3 செ.மீ.தான் தெரிகிறது. நுனி உடைந்துவிட்டதா? அடுத்த முறை எவ்வளவு விடணும்?

நந்தன்:
ஈரத்தில் வெட்டினதுதான் தப்பு. தண்ணி பட்டா முடி நீளும். சுருட்டையைக் காயவைத்துத்தான் வெட்டணும்.

மலர்:
எனக்கும் முடி குட்டையாகிட்டே போகுது, சீப்பு முழுக்க முடி. என்ன எண்ணெய் போடலாம்?

வேணி:
மலர், அது முடி கொட்டுவது. இங்கே ஒரு முடிகூடப் போகவில்லை.

நந்தன் சொல்வது பாதி சரி. தண்ணீர் முடியைப் பெரிதாக நீட்டுவதில்லை. முடிக்குள் இருக்கும் பலவீனமான பிணைப்புகளை அது அவிழ்ப்பதால் முடி இளகிவிடும். அப்போது நீரின் கனமும் சீப்பின் இழுப்பும் சுருளைத் திறந்துவிடுகின்றன. காயும்போது அந்தப் பிணைப்புகள் மறுபடி சேர்ந்து, முடி தன் பிறவிச் சுருளுக்கே திரும்பும். சூடு வைத்து ஸ்ட்ரெய்ட் பண்ணின முடி மழைக்காற்றில் சுருங்குவதும் இதனால்தான்.

கயல், உங்கள் கணக்கு: 3-ஐ 7-ஆல் வகுத்தால் 0.43. காய்ந்தபின் 7 செ.மீ. தெரிய வேண்டுமானால் 7-ஐ 0.43-ஆல் வகுக்கணும், அதாவது இழுத்த நிலையில் சுமார் 16 செ.மீ. அதோடு இன்னும் 1 செ.மீ. விடுங்கள். அதிகமாகத் தெரிந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். 7 செ.மீ. முடி 16 ஆக, மாதம் 1 செ.மீ. என்று வைத்தாலும் 9 மாதம் ஆகும்.

இந்த 0.43-ஐ அப்படியே தலை முழுக்கப் போடாதீர்கள். உச்சி, பக்கம், பிடரி மூன்றிலும் ஒவ்வொரு சுருளை, கிரீம் எதுவும் இல்லாமல் காய்ந்தபின், முதலில் தொடாமலும் பிறகு மெதுவாக இழுத்தும் அளந்து பாருங்கள்.

கயல்:
அளந்தேன். மூன்றுமே இழுத்தால் 15. தொடாமல் உச்சி 5, பக்கம் 6, பிடரி 8. எல்லாம் 8 தெரியணும்னா?

வேணி:
உச்சிக்கு இழுத்த நிலையில் 24, பக்கத்துக்கு 20 வேணும். பிடரிக்கு இருக்கிற 15 போதும். அதனால் உச்சியிலும் பக்கத்திலும் கத்தரியே வைக்காதீர்கள். எல்லாவற்றையும் இழுத்து ஒரே மட்டமாக வெட்டியிருந்தால் காய்ந்ததும் உச்சி பள்ளமாகத் தெரியும்.

நந்தன்:
அதான் சொன்னேன், காய்ந்த சுருளை ஒவ்வொன்றாக வெட்டினா இந்தக் கணக்கே வேணாம்.

வேணி:
சுருட்டையாகவே விடுகிறவர்களுக்குச் சரி. அடிக்கடி பின்னலோ ஸ்ட்ரெய்ட்டோ போடுகிறவர்களுக்கு, நீட்டினதும் நுனி ஏறி இறங்கி நிற்கும்.

கயல்:
இவள் வாரத்தில் பாதி நாள் பின்னல்தான்…