ஆப்சனைசேஷனுக்குத் தமிழ்ச் சொல்

செல்வி:
பாடநூல் அத்தியாயத்தில், கிருமிகளை எதிர்க்கும் இரத்தப் புரதங்களான காம்ப்ளிமென்ட்டுக்கு 'நிரப்பு மண்டலம்' என்ற பெயரை வைத்துக்கொள்கிறேன். விழுங்கும் செல்கள் பற்றிக்கொள்ள வசதியாகக் கிருமியின் மேல் புரதம் ஒட்டிக்கொள்கிறதே, அந்த ஆப்சனைசேஷனுக்குத்தான் சொல் வேண்டும். 'விழுங்குகுறியிடல்' சரியாக வருமா?

முருகேசன்:
பாக்டீரியாவில் ஓட்டை போடுவதுதானே காம்ப்ளிமென்ட்டின் வேலை, மற்றதெல்லாம் அதற்கான முன்னேற்பாடு. மொத்தத்துக்கும் 'துளைப்புப் புரதங்கள்' என்றே வைத்துவிடலாமே.

ராஜேஸ்வரி:
ஓட்டை போடுவது உண்மைதான், முருகேசன். காம்ப்ளிமென்ட் புரதங்களில் சி5பி முதல் சி8 வரை ஒன்றுகூடிச் சவ்வில் இறங்கியபின், சி9 மூலக்கூறுகள் 18 வரை வளையமாகச் சேரும். உள்விட்டம் சுமார் 10 நானோமீட்டர். அதன் வழியே தண்ணீரும் உப்பும் புகுந்து செல் வெடிக்கும். ஆனால் நிமோகாக்கஸ் மாதிரி தடித்த சுவருள்ள கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாவிடம் இது பலிக்காது.

ஜப்பானில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்குப் பிறவியிலேயே சி9 கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் நலமாகத்தான் இருக்கிறார்கள். மெனிங்கோகாக்கஸ் தொற்று வரும் வாய்ப்புதான் கூடுதல். சி3 இல்லாத குழந்தையோ நிமோனியா, காதுச் சீழ் என்று சின்ன வயதிலிருந்தே மாறி மாறி அவதிப்படும். அதனால் துளையை வைத்து மொத்தத்துக்கும் பெயர் சூட்டினால் முக்கியமான பாதி விட்டுப்போகும்.

அந்தப் பாதி, சி3யின் துண்டான சி3பியின் வேலை. காம்ப்ளிமென்ட்டைத் தூண்டும் எதிர்ப்பொருள் வழி, லெக்டின் வழி, மாற்றுவழி மூன்றும் சி3யை வெட்டுவதில்தான் வந்து சேர்கின்றன. வெட்டுப்பட்டதும் சி3பியில் ஒளிந்திருந்த பிணைப்பு ஒன்று வெளிப்படும். கண்ணிமைப்பதற்குள் பக்கத்துப் பரப்பில் ஒட்டவில்லையென்றால் தண்ணீரோடு சேர்ந்து வீணாகிவிடும். நம் செல்லில் ஒட்டினால் காரணி எச் என்ற புரதத்தின் உதவியோடு செயலிழக்கும். பாக்டீரியாவில் நிலைத்தால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு தன் ஏற்பிகளால் அதைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாவை விழுங்கும்.

கலா:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அக்காவுக்கு லூபஸ், ரிப்போர்ட்டில் சி3 குறைவு என்று வந்திருக்கிறது. கூட்ட என்ன சாப்பிடலாம்?

ராஜேஸ்வரி:
கலா, சாப்பாட்டால் கூடாதும்மா. லூபஸ் வேகமெடுக்கும்போது சி3 செலவாகிவிடுகிறது. சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் சேர்த்துத்தான் மருத்துவர் பார்ப்பார். ரிப்போர்ட்டோடு அவரிடமே போங்கள்.

முருகேசன்:
சரி, துளையை விட்டுவிடுகிறேன். ஆப்சன் என்றால் கிரேக்கத்தில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வது. நம்மிடம் 'தொடுகறி' இருக்கிறதே! 'தொடுகறியாக்கம்'?

செல்வி:
அண்ணா, பரீட்சை எழுதும் பிள்ளைகள் சிரித்தே பேப்பரைக் கொடுத்துவிடுவார்கள்.

ராஜேஸ்வரி:
எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் பாடநூலுக்கு ஆகாது. 'குறி'யிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பார்த்துத் தெரிந்துகொள்ள மட்டும் அல்ல இது; விழுங்கும் செல் கைபோட்டு இழுக்கும் பிடியும் இதுதான். 'பிடிபூச்சு' என்றால்?

செல்வி:
பூச்சு என்றதும் பெயின்ட்தான் நினைவுக்கு வருகிறது. அதோடு ஐஜிஜி எதிர்ப்பொருளும் இதே வேலையைச் செய்கிறது, அதற்கும் சொல் பொருந்த வேண்டும். இந்த அத்தியாயத்தில் 'விழுங்குகுறியிடல்' என்றே போட்டு வைக்கிறேன். சி3பி, ஐஜிஜி இரண்டையும் சேர்த்துச் சொல்ல 'விழுங்குகுறிப்பான்' போதுமா?